பையில் இருக்கும் மாத்திரை, போகாத பயம்

காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும் ஒரு பெண்ணின் கைப்பையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அது தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அரை லிட்டரில் இன்னொன்று. ஒரு பாக்கெட் குளுக்கோஸ். வாய் வறண்டால் மெல்ல ஏலக்காய். உள் ஜிப்பில் ஒரு மாத்திரை அட்டை, 0.25 மில்லிகிராம் அல்பிரசோலம். அந்த அட்டையிலிருந்து அவர் கடைசியாக ஒரு மாத்திரையைப் பிரித்துப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. ஆனாலும் வீட்டை விட்டு இறங்குமுன் அது இருக்கிறதா என்று தடவிப் பார்க்காத நாள் இல்லை. தடவித் தடவி அட்டையில் அச்சடித்த எழுத்தே தேய்ந்துவிட்டது.

இவர் ஒரு தனி நபர் அல்ல. பேனிக் அட்டாக் என்று பலரும் சொல்லும் பீதித் தாக்குதலுக்கு ஆளானவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் விஷயங்களைச் சேர்த்து நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. வயது 34, பாரிமுனையில் வங்கி வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மே மாதக் காலையில், சைதாப்பேட்டை தாண்டியதும், நெரிசலில் நின்றுகொண்டிருந்தவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்தது. தொண்டை அடைத்தது. விரல்கள் மரத்தன. கண்முன் இருப்பதெல்லாம் விலகிப் போவது போல இருந்தது. செத்துவிடப் போகிறோம் என்று நினைத்தார். மாம்பலத்தில் யாரோ கைத்தாங்கலாக இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தார். பத்து நிமிடத்தில் சரியானது. மருத்துவமனையில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். எதிலும் கோளாறு இல்லை. “டென்ஷன்தான் மேடம், தேவைப்பட்டா மட்டும் இதைப் போட்டுக்குங்க” என்று ஒரு அட்டை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து அவர் தண்ணீர் இல்லாமல் வெளியே போனதில்லை. எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலில்தான் ஏறுவார். சில நிலையங்களில் நிற்காமல் போகும் ஃபாஸ்ட் வண்டி வந்தால் விட்டுவிடுவார். உள்ளே இடம் காலியாக இருந்தாலும் கதவோரம்தான் நிற்பார், சட்டென்று இறங்க வசதியாக. சைதாப்பேட்டை நெருங்கும்போது கணவருக்குப் போன் போடுவார். “பேசிக்கிட்டே இருங்க, மாம்பலம் தாண்டினதும் வச்சுடறேன்.” அவரும் பேசிக்கொண்டே இருப்பார். இத்தனை ஏற்பாடுகளோடு ஒன்றரை வருடமாக ஒரு நாள்கூட மயங்கி விழாமல் வேலைக்குப் போய் வந்திருக்கிறார். அந்த ஒன்றரை வருடத்தில் அவருடைய பயம் ஒரு துளியும் குறையவில்லை என்பதுதான் நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

நூற்றுக்கணக்கான தடவை ரயிலில் போயும் ஒன்றும் ஆகவில்லை என்றால், ரயில் ஆபத்தில்லை என்று மனத்துக்குப் புரிந்திருக்க வேண்டாமா? வேறு எந்தப் பயமாக இருந்தாலும் இப்படிப் பழகப் பழகத்தானே போகிறது? 1980களில் பீதி நோயை ஆராய்ந்தவர்களைக் குழப்பிய கேள்வியும் இதுதான். சிலர் ஆயிரக்கணக்கில் பேனிக் அட்டாக்குகளைத் தாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மாரடைப்பு வரப்போகிறது என்று நினைத்தார்கள், ஒரு தடவையும் வரவில்லை, அடுத்த தடவையும் அதையே நம்பினார்கள். அனுபவத்திலிருந்து இவர்கள் ஏன் கற்றுக்கொள்வதில்லை?

பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1991இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு ஒரு விளக்கம் தந்தது. அவர்கள் கற்றுக்கொள்ளாமல் இல்லை. தவறான பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள் என்றார் அவர். ஒவ்வொரு தாக்குதலின்போதும் அவர்கள் ஏதாவது ஒன்றைச் செய்கிறார்கள். உட்கார்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள், கம்பியை இறுக்கிப் பிடிக்கிறார்கள், மூச்சை இழுத்து விடுகிறார்கள். பிறகு தாக்குதல் தானாகத் தணிகிறது. ஆனால் அவர்கள் மனம் போடும் கணக்கு வேறு: ‘நல்லவேளை, தண்ணீர் இருந்தது. இல்லையென்றால் விழுந்திருப்பேன்.’ நடக்காத ஆபத்து, கடைசி நொடியில் தப்பிய ஆபத்தாகப் பதிவாகிறது. வாசலில் கட்டிய திருஷ்டிப் பூசணிக்காயைப் போலத்தான். கெட்டது எதுவும் நடக்காத ஒவ்வொரு நாளும் அதன் கணக்கில் சேர்ந்துவிடும், அதை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் துணிவு வராது.

இத்தகைய செயல்களைப் பாதுகாப்பு நடத்தைகள் என்று உளவியலில் சொல்கிறார்கள். இவற்றைக் கண்மூடித்தனமான பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தெளிவான தர்க்கம் ஒன்று இருக்கிறது. சால்கோவ்ஸ்கிஸும் அவருடைய சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. மயங்கி விழுவோம் என்று பயப்படுகிறவர்கள் எதையாவது, யாரையாவது பிடித்துக்கொள்கிறார்கள். மாரடைப்பு வரும் என்று பயப்படுகிறவர்கள் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். பைத்தியம் பிடித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் எண்ணங்களை அடக்கப் பார்க்கிறார்கள். ஒருவர் எதைச் சுமந்து திரிகிறார் என்று தெரிந்தால் எதற்குப் பயப்படுகிறார் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும். தண்ணீர் பாட்டிலை விடாதவர் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும் என்றோ, மயங்கிவிடுவோம் என்றோ பயப்படுகிறார்.

தண்ணீர் உண்மையில் என்ன செய்கிறது? பயத்தில் அட்ரினலின் சுரக்கும்போது உமிழ்நீர் குறைகிறது, வாய் உலர்கிறது, தொண்டைத் தசைகள் இறுகி எதுவோ அடைத்துக்கொண்டது போல இருக்கிறது. தண்ணீர் குடித்தால் வாய் நனைகிறது, அவ்வளவுதான். மூச்சுக்குழல் அடைபடவே இல்லை என்பதால் அதைத் தண்ணீர் திறக்கவும் இல்லை. மயக்கத்தின் கதையும் இதேதான். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். பேனிக் அட்டாக்கில் இதயம் வேகமாக அடித்து, அழுத்தம் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. தலை கிறுகிறுப்பதற்கும் விரல் மரப்பதற்கும் காரணம் வேறு: பயத்தில் தேவைக்கு மேல் மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன. மிகவும் சங்கடமான உணர்வுதான், ஆனால் இந்தக் கிறுகிறுப்பு விழவைக்கும் மயக்கமாக மாறுவது மிக அரிது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் உண்மையிலேயே மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு அழுத்தம் நிஜமாகவே இறங்குகிறது, அவர்களுக்கான சிகிச்சையும் வேறு.

இதே காரணத்தால், “நல்லா மூச்சை இழுத்து விடும்மா” என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் யோசனை பல சமயம் நிலைமையை மோசமாக்குகிறது. ஏற்கெனவே அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் இன்னும் வேகமாக, ஆழமாக இழுக்கிறார், கிறுகிறுப்பு கூடுகிறது, பயம் கூடுகிறது. காப்பாற்றுவதாக நம்பப்படும் செயலே அறிகுறியை உண்டாக்கும் இந்த விபரீதத்தை வேறு பல பாதுகாப்பு நடத்தைகளிலும் காணலாம். தொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி எச்சில் விழுங்கினால், நாலைந்து தடவைக்கு மேல் விழுங்குவதே சிரமமாகிவிடும். நாடியை நிமிடத்துக்கொரு தடவை பிடித்துப் பார்த்தால் சாதாரணத் துடிப்பும் பூதாகரமாகத் தெரியும். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. இதய நோய் இல்லாதவர்களும், யாரோ சொன்னார்கள் என்று சட்டைப்பையில் சார்பிட்ரேட் வைத்துக்கொண்டு, நெஞ்சு படபடத்ததும் நாக்குக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். ரத்தக் குழாய்களை விரிக்கும் மாத்திரை அது. தலைவலி, தலைசுற்றல், கூடுதல் படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் அதன் பக்க விளைவுகள். வெறும் பயத்தோடு வந்தவர் அதைப் போட்ட பிறகு நிஜமாகவே கீழே விழ வாய்ப்பு இருக்கிறது.

அல்பிரசோலம் அப்படிப்பட்டதல்ல, அது பயத்தைத் தணிக்கும் மருந்துதான். ஆனால் அதன் நேரக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு பேனிக் அட்டாக் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, அரை மணிக்குள் தணிந்துவிடும். விழுங்கிய அல்பிரசோலம் வேலை செய்யத் தொடங்கவே ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு வர ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். “மாத்திரையைப் போட்ட அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு” என்று ஒருவர் சொன்னால், அவரைச் சரிசெய்தது மாத்திரை அல்ல. அப்போது அது இன்னும் வயிற்றில் கரைந்துகொண்டுதான் இருந்தது. தாக்குதல் தானாக ஓய்ந்தது, இனி பயமில்லை என்ற நிம்மதி அதைச் சற்று விரைவுபடுத்தியது. ஆனால் பெயர் மாத்திரைக்குப் போய்விட்டது.

இப்படிப் பெயர் தவறான இடத்துக்குப் போவது சாதாரண விஷயமில்லை. லண்டனிலும் டொரண்டோவிலும் அல்பிரசோலத்தையும், பயந்த இடங்களுக்கு நேரடியாகப் போய்ப் பழகும் சிகிச்சையையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் குணமடைந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 1994இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. தாங்கள் தேறியதற்கு மருந்துதான் காரணம் என்று உறுதியாக நம்பியவர்கள், மருந்தை நிறுத்திய பிறகு மற்றவர்களைவிட அதிகமாகப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். தன் முயற்சியால் கிடைத்த தேர்ச்சியையும் மாத்திரையின் கணக்கில் எழுதிக்கொண்டவருக்கு, மாத்திரை போனதும் கையில் எதுவும் மிஞ்சவில்லை.

சரி, மாத்திரையைப் போடுவதே இல்லையே, சும்மா பையில்தானே இருக்கிறது, அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நம் எடுத்துக்காட்டுப் பெண்ணே கேட்பார். என் பார்வையில் இந்த விஷயத்தில் பலருக்கும் தெரியாத, ஆனால் எல்லாரும் அறிந்திருக்க வேண்டிய பதில் இதற்குத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பவர்ஸ், ஜாஸ்பர் ஸ்மிட்ஸ், மைக்கேல் டெல்ச் மூவரும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடைபட்ட இடங்களைக் கண்டு மிகவும் பயப்படும் 72 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் இடுக்கமான அறைக்குள் எந்தத் துணையும் இல்லாமல் இருந்து பழகினார்கள். இன்னொரு பிரிவினருக்குக் காற்றுக்காகச் சிறு சன்னலைத் திறந்துகொள்வது போன்ற வசதிகளைக் கொடுத்து, அவற்றைப் பயன்படுத்தச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவினருக்கும் அதே வசதிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் தேவைப்பட்டால் மட்டுமே பயன்படுத்தலாம் என்று சொல்லப்பட்டது. துணை எதுவும் இல்லாத பிரிவில் 94 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். வசதிகளைப் பயன்படுத்திய பிரிவிலும், அவை வெறுமனே பக்கத்தில் இருந்த பிரிவிலும் தேறியவர்கள் 45 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தார்கள். பயன்படுத்தியதற்கும், பயன்படுத்தாமல் பக்கத்தில் வைத்திருந்ததற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

எட்டு மாதமாகப் பிரிக்காத மாத்திரை அட்டை தினமும் என்ன செய்துகொண்டிருந்தது என்பது இப்போது புரியும். ‘ஆபத்து நிஜம்தான், ஆனால் தப்பிக்க வழி இருக்கிறது’ என்று அது ஒவ்வொரு பயணத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வாக்கியத்தின் பின்பாதி தரும் நிம்மதி மட்டும் அவருக்குத் தெரிந்தது. முன்பாதியும் கூடவே தினமும் உறுதிப்பட்டு வந்தது தெரியவில்லை.

சென்னை வெயிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவது நோயா என்று கேட்டால், இல்லவே இல்லை. தாகத்துக்கான பாட்டிலையும் பயத்துக்கான பாட்டிலையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து கிளம்பி நிலையத்துக்கு வந்த பிறகுதான் பாட்டிலை மறந்துவிட்டோம் என்று தெரிகிறது. என்ன செய்வோம்? தாகத்துக்காகக் கொண்டுவருகிறவர் நிலையக் கடையில் ஒன்று வாங்குவார், அல்லது போய்ச் சேர்ந்து குடித்துக்கொள்ளலாம் என்று ஏறிவிடுவார். பயத்துக்காகக் கொண்டுவருகிறவருக்கு அந்த நொடியே நெஞ்சு அடித்துக்கொள்ளும். வீட்டுக்குத் திரும்புவார், அல்லது கடையில் வாங்கும் வரை மூச்சு சீராகாது. இன்னோர் அடையாளம், பாட்டிலில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கவனித்துக்கொண்டே வருவது. பயத்துக்காகக் கொண்டுவருகிறவர் தாகம் எடுத்தால்கூடக் குடிக்காமல் ‘அவசரத்துக்கு’ மிச்சம் வைப்பார்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நெஞ்சுவலி நோய் உறுதியானவர்கள் வைத்திருக்கும் நாக்கடி மாத்திரை, ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலர், இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளியின் பையில் இருக்கும் சர்க்கரை ஆகியவை பாதுகாப்பு நடத்தைகள் அல்ல. அவை தடுக்கும் ஆபத்து உண்மையானது, அவற்றைக் கைவிடக் கூடாது. நெஞ்சு படபடப்பு முதல் தடவை வரும்போது, அது பயம்தான் என்று தாமே முடிவுகட்டாமல், இதயத்தையும் தைராய்டையும் மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுவதும் அவசியம். ஒருமுறை என்பதை அழுத்திச் சொல்கிறேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகும் மாதாமாதம் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது மறுபடி பாட்டிலின் கதைதான்.

இனி சிகிச்சையைப் பார்ப்போம். நம் பெண் ஓர் உளவியலாளரிடம் போகிறார். முதல் வேலை ஒரு பட்டியல் போடுவது. பை, பாட்டில், ஏலக்காய், கதவோரம், மெதுவண்டி, கணவரின் போன் எல்லாம் அதில் வருகின்றன. அவருக்கே தெரியாமல் செய்துவந்தவையும் மெல்ல வெளியே வருகின்றன: வழியில் எந்த நிலையத்துக்குப் பக்கத்தில் எந்த மருத்துவமனை என்று மனத்தில் ஓட்டிப் பார்ப்பது, இடது கையால் நாடியைத் தொட்டுக்கொண்டே நிற்பது. ஒவ்வொன்றுக்கும் நேரே உளவியலாளர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார். “இது இல்லாம போனா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? சரியா சொல்லுங்க.” ‘பயமாக இருக்கும்’ என்ற பதில் போதாது. சோதித்துப் பார்க்கக்கூடிய பதில் வேண்டும். கடைசியில் அவர் எழுதியது இது: ‘தண்ணீர் இல்லாமல் சைதாப்பேட்டை தாண்டினால் தொண்டை அடைக்கும், பத்து நிமிடத்துக்குள் குடிக்காவிட்டால் மயங்கி விழுவேன். நம்பிக்கை 80 சதவீதம்.’

முதல் சோதனை ரயிலில் அல்ல, அறையிலேயே நடக்கிறது. ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு வாங்கச் சொல்கிறார். கிறுகிறுப்பு, விரல் மரத்தல், விலகிப் போவது போன்ற உணர்வு, அன்று ரயிலில் வந்த அத்தனையும் வருகின்றன. எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்கிறார். நிற்கிறார், விழவில்லை. அடுத்து உலர்ந்த பிஸ்கட் நாலைந்தை மென்று விழுங்கிவிட்டு அரை மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். வாய் மாவாக ஒட்டுகிறது, தொண்டை கரகரக்கிறது, ஆனால் மூச்சு போய்க்கொண்டுதான் இருக்கிறது. உடலின் அறிகுறிகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்க்கும் இந்தப் பயிற்சி பீதி நோய்ச் சிகிச்சையின் முக்கியமான பகுதி. நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய குழல் வழியாக மூச்சு விடுவது, படியேறி இறங்குவது என்று அவரவர் பயத்துக்கேற்ப இது மாறும். இதயம், வலிப்பு, கர்ப்பம் போன்ற காரணங்கள் இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

பிறகு ரயில். மெதுவண்டிதான், தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை, பையை வீட்டிலேயே விட்டுவிட்டு. குரோம்பேட்டையில் பயம் நூற்றுக்கு எழுபதுக்கு ஏறியது. இறங்கவில்லை. பல்லாவரத்தில் இறங்கி எழுதினார்: ‘தொண்டை அடைத்தது போல இருந்தது. விழவில்லை.’ நம்பிக்கை 80இலிருந்து 55க்கு வந்தது. பயம் குறைந்ததா என்பதைவிட எதிர்பார்த்தது நடந்ததா என்பதுதான் இங்கே அளவுகோல். இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகுத்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் மிஷெல் கிராஸ்கே. பயிற்சியின்போது பயம் இறங்கியே தீர வேண்டும் என்றில்லை. கடைசி வரை பயந்துகொண்டே இருந்தாலும், ‘விழுவேன் என்றேன், விழவில்லை’ என்ற ஏமாற்றம் மனத்தில் பதிந்தால் போதும் என்கிறார் அவர். எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடைவெளி எவ்வளவு பெரிதோ, பாடம் அவ்வளவு ஆழமாகப் பதியும்.

இரண்டாம் வாரம் கிண்டி வரை போய்வந்தார், பயமே இல்லாமல். உளவியலாளருக்கு அதில் சந்தேகம். “அவ்வளவு சுலபமா போச்சா? வேற என்ன பண்ணீங்க?” என்று விசாரித்தபோது, கன்னத்தில் ஒரு ஏலக்காயை ஒதுக்கி வைத்திருந்தது தெரிந்தது. போனிலும் வழி முழுக்கப் பாட்டுக் கேட்டிருக்கிறார். சிகிச்சை வழுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். ஒரு துணையைக் கைவிட்டதும் இன்னொன்று சத்தமில்லாமல் அதன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அது பொருளாகக்கூட இருக்க வேண்டியதில்லை. மனத்துக்குள் நூறிலிருந்து தலைகீழாக எண்ணுவதும், சுலோகத்தைப் பயத்தைத் தள்ளிவைக்க மட்டும் முணுமுணுப்பதும் அப்படித்தான். பயணம் திடீரென்று சுலபமாகிவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், வேறெதுவோ கூட வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கணவரோடும் ஒரு நாள் பேச வேண்டியிருந்தது. அன்பால் செய்வதை நிறுத்தச் சொன்னால் யாருக்கும் மனம் ஒப்பாது. “அவ பயந்து கூப்பிடும்போது எடுக்காம எப்படி சார் இருக்கறது?” என்று கேட்டார். எடுக்காமல் இருக்கச் சொல்லவில்லை. முன்கூட்டியே இருவரும் பேசி ஒப்புக்கொண்டபடி, ரயிலில் இருக்கும்போது அவர் கூப்பிடுவதில்லை, இறங்கியதும் கூப்பிடுவார் என்று வைத்துக்கொண்டார்கள். மீறிக் கூப்பிட்டால், “ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்” என்பதற்குப் பதிலாக, “கஷ்டமா இருக்குன்னு தெரியுதும்மா. எழுதி வச்சது நடக்குதான்னு பாரு, இறங்கினதும் சொல்லு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட வேண்டும். குடும்பத்தாரிடம் சொல்லாமல் இந்தச் சிகிச்சையைச் செய்தால், நோயாளி ஒரு பக்கம் கழற்றுவதை அவர்கள் இன்னொரு பக்கம் மாட்டிவிடுவார்கள்.

ஐந்தாவது வாரம், பை இல்லாமல், ஃபாஸ்ட் வண்டியில், உள்ளே தள்ளி நின்றுகொண்டு போனபோது முழு அளவில் ஒரு பேனிக் அட்டாக் வந்தது. இறங்க வழியில்லை, குடிக்க எதுவுமில்லை. சிகிச்சை தோற்றுவிட்டது என்று பலரும் கைவிடும் கட்டம் இது. உண்மையில் வேறு எப்படியும் கிடைக்காத சான்று இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. உச்சத்துக்கு ஏறியது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, எழும்பூர் வருவதற்குள் இறங்கிவிட்டது. தண்ணீர், மாத்திரை, போன் எதன் பேரிலும் அதை எழுத முடியாது. அன்று மாலை அவர் எழுதிய நம்பிக்கை 10 சதவீதம்.

இப்படி எல்லாவற்றையும் முதல் நாளிலேயே பிடுங்கிவிட வேண்டுமா என்பதில் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஸ்டான்லி ராக்மன், ஆடம் ராடோம்ஸ்கி, ரோஸ் ஷஃப்ரான் ஆகியோர் 2008இல், தொடக்கத்தில் அளவாகச் சில துணைகளை அனுமதித்தால் சிகிச்சைக்கு வரவே அஞ்சுகிறவர்களும் வருவார்கள், பாதியில் ஓடமாட்டார்கள் என்று வாதிட்டார்கள். வீட்டு வாசலைத் தாண்டாதவரிடம் பாட்டிலைக் கேட்டால் அவர் வரவே மாட்டார் என்பது எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் எந்த வாரத்தில் எது போகும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால், தற்காலிகத் துணை நிரந்தரமாகிவிடும்.

அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற மாத்திரைகளை எப்போதாவது போடுவதற்காகப் பையில் சுமப்பவர்களைப் பற்றித்தான் இவ்வளவும் சொன்னேன். அவற்றைத் தினமும் போட்டுவருகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்தக் கூடாது. வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டதைச் சட்டென்று நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், முன்பைவிடக் கடுமையான பதற்றம் வரலாம். சிலருக்கு வலிப்புகூட வரும். எழுதிக் கொடுத்த மருத்துவரே அளவைச் சிறிது சிறிதாக, பல வாரங்களில் குறைக்க வேண்டும். அப்படிக் குறைக்கும்போது வரும் படபடப்பையும் கிறுகிறுப்பையும் நோய் திரும்பிவிட்டது என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன அறைப் பயிற்சிகளை ஏற்கெனவே செய்து பார்த்தவர்களுக்கு அந்த உணர்வுகள் புதிதல்ல என்பதால், மாத்திரையைக் குறைப்பதும் அவர்களுக்குச் சுலபமாகிறது. மன அழுத்தத்துக்காகவும் பீதி நோய்க்காகவும் தினசரி தரப்படும் எஸ்சிடலோபிராம் போன்றவை வேறு வகை மருந்துகள். அவற்றையும் தாமாக நிறுத்தக் கூடாது.

உதவி தேடுகிறவர்கள் கட்டணமில்லாத டெலி மானஸ் எண்ணான 14416ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆலோசகர் யாராக இருந்தாலும் முதல் சந்திப்பிலேயே, “பயப்படுற இடத்துக்கே போய்ப் பழகற பயிற்சி குடுப்பீங்களா, எதை எதைக் கூட எடுத்துட்டுப் போறேன்னு பார்ப்பீங்களா?” என்று கேட்டுவிடலாம். ஆறுதலான பேச்சும் ரிலாக்சேஷன் பயிற்சியும் மட்டும்தான் என்று பதில் வந்தால் வேறொருவரைத் தேடுவது நல்லது.